அழித்த படங்களுக்கு முப்பது நாள்

பிரிக்பீல்ட்ஸில் எனக்கு மேல்வீட்டில் இருப்பவர் கனகசபை அங்கிள். ரயில்வேயில் முப்பத்தைந்து வருடம் உத்தியோகம் பார்த்தவர். ஓய்வுபெற்ற பிறகு சும்மா இருக்க முடியாமல் கல்யாணம் பேசி வைக்க ஆரம்பித்தார். சல்லிக் காசு வாங்க மாட்டார். ஒரு காப்பி, அதுவும் சீனி இல்லாமல். கண்ணில் புரை விழுந்ததிலிருந்து அவரைக் கூட்டிப்போகும் வேலை என் தலையில். நான் கிராப் வாடகைக் கார் ஓட்டுகிறவன், பெயர் பிரவின். ஞாயிற்றுக்கிழமை நல்ல சவாரியெல்லாம் இவரால்தான் எனக்குக் கைவிட்டுப் போகிறது.

இவரை மற்ற தரகர்களோடு சேர்க்க முடியாது. பெண்ணின் படம் அன்னியர் போனில் கிடக்கக் கூடாது என்பது அவர் கொள்கை. பையன் வீட்டுக்குப் படத்தை அனுப்பமாட்டார். தன் போனிலேயே காட்டிவிட்டு வருவார். பேச்சு முறிந்தால் பெண் வீட்டுக்கு நேரில் போய்ச் சொல்வார். சொல்லிவிட்டு அவர்கள் கண்ணெதிரே வாட்ஸ்அப்பில் அந்தப் படத்தை அழிப்பார், கேலரியில் தானாக விழுந்திருப்பதையும் அழிப்பார். "போச்சு, இனி இல்ல," என்று கையை விரித்துக் காட்டுவார். மகளைப் பெற்றவர்கள் அந்த ஒரு காரியத்துக்காகவே அவரைத் தேடி வந்தார்கள்.

போன ஞாயிறு கிள்ளானில் ராஜினி வீடு. ஆஸ்பத்திரி லேப்பில் வேலை பார்ப்பவள், முப்பத்து நான்கு வயது. ஜாதகம் பொருந்தவில்லை என்று பையன் வீட்டில் சொல்லிவிட்டார்கள். அங்கிள் அதைச் சொல்லிவிட்டு வழக்கப்படி படத்தை அழித்து, கையை விரித்தார்.

ராஜினி சிரித்தாள். "இன்னும் போகல அங்கிள். போனைக் கொடுங்க."

ஆல்பங்களின் அடிப்பகுதிக்குப் போய் 'ரீசன்ட்லி டெலிட்டட்' என்பதைத் தொட்டாள். அது பூட்டியிருந்தது. போனை அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள். முகத்தைப் பார்த்ததும் திறந்துகொண்டது.

உள்ளே பதினான்கு பெண்கள். பட்டுச் சேலையும் பட்டமளிப்பு அங்கியுமாக வரிசையாக இருந்தார்கள். ஒவ்வொரு படத்தின் கீழும் ஓர் எண்: இன்னும் இத்தனை நாள். ராஜினியும் அங்கே இருந்தாள்.

"அழிச்சா உடனே போகாது அங்கிள். முப்பது நாள் இங்க இருக்கும். அப்புறம் தானா போயிடும். அதுக்குள்ள யார் வேணாலும் திரும்ப எடுக்கலாம், உங்க முகம் இருந்தா போதும்."

அங்கிளின் முகத்தைப் பார்க்க எனக்கே கஷ்டமாக இருந்தது. மூன்று வருடமாக எத்தனை வீட்டில் கையை விரித்திருப்பார். அவ்வளவும் பொய்யாகிவிட்டது.

ராஜினி தன் படத்தை மட்டும் தேர்ந்தெடுத்து நிரந்தரமாக அழித்தாள். "மிச்சத்தையும் ஒரேயடியா எடுத்துடட்டா?"

"வேணாம் பிள்ளை," என்றார். "அவங்க முன்னாலதான அழிச்சேன்னு சொன்னேன். அவங்க முன்னாலதான் அழிக்கணும்."

மிச்சம் பதின்மூன்று வீடு. எனக்குத் தலை சுற்றியது. அதில் மிகக் குறைவான நாள் யாருக்கு என்று அங்கிள் பார்த்தார். பச்சைச் சேலையில் நிரஞ்சனி. கீழே 'ஒரு நாள்' என்று இருந்தது.

"பந்திங் போகணும் தம்பி. இப்பவே."

நிரஞ்சனி வீட்டுக் கதை எனக்குத் தெரியும். போன மாதம் நானும் போயிருந்தேன். அங்கிள் வரன் பேசிக்கொண்டிருக்கும்போதே அந்தப் பெண் தனக்குப் பிடித்தவனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு போய்விட்டாள். அவள் அப்பா பரமேஸ்வரன் ஓய்வுபெற்ற ஆசிரியர். அன்றைக்கு அவர் எங்களை உட்காரக்கூடச் சொல்லவில்லை.

"நாளைக்குத் தானா போற படத்துக்கு எதுக்கு அங்கிள் அந்த வீட்டுக்கு? உங்க பேர்தான் கெடும்," என்றேன்.

"நாளைக்குப் போயிட்டா நான் சொன்னது பொய்னு அவங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியுமே," என்றார். மனதுக்குள் மட்டும் திட்டிக்கொண்டே ஓட்டினேன்.

பரமேஸ்வரன் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி குமுதா கதவோரம் நின்றார். அங்கிள் நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். மன்னிப்புக் கேட்டார். போனை எடுத்து, பூட்டைத் திறந்து, பச்சைச் சேலையைக் காட்டினார். "இப்ப உங்க முன்னால முழுசா அழிச்சிடறேன்."

"அழிச்சுத் தொலைங்க," என்றார் பரமேஸ்வரன், திரும்பிப் பார்க்காமல்.

"அழிக்காதீங்க."

சொன்னது குமுதா. கணவர் இருக்கும்போது அந்த அம்மா பேசி நான் கேட்டதே இல்லை.

"எனக்கு அனுப்புங்க. எங்கிட்ட அவ படம் ஒண்ணுகூட இல்ல. சின்ன வயசுப் படம்தான் ஆல்பத்துல இருக்கு. மத்ததெல்லாம் போன்லதான் இருந்துச்சு. இவர் எல்லாத்தையும் அழிச்சிட்டாரு. இப்ப சொன்னீங்களே, அந்த இடத்துக்குள்ளயும் போய் அழிச்சிட்டாரு. அவ நம்பரையும் பிளாக் பண்ணிட்டாரு."

பரமேஸ்வரன் டிவியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அங்கிள் மாட்டிக்கொண்டார். 'ரெகவர்' என்று ஒரு தொடு தொட்டால் படம் பிழைத்துவிடும், பெற்ற தாய் கேட்கிறாள். ஆனால் பெண்ணின் படத்தை அவளைக் கேட்காமல் யாருக்கும் கொடுப்பதில்லை என்று இருப்பவர். விரல் போனின் மேலேயே நின்றது. பிறகு சொன்னார்: "அம்மா, படம் உங்க மகளோடது. கொடுக்கறதா அழிக்கறதான்னு அவதான் சொல்லணும்."

ஜாதகத்தோடு கொடுத்த அவள் நம்பர் அவரிடம் இருந்தது. போட்டார். ஸ்பீக்கரில் வைத்தார்.

"யாரு? கனகசபை அங்கிளா?" நிரஞ்சனியின் குரல். அங்கிள் மறுபடியும் முழுக் கதையையும் சொன்னார். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"எந்தப் படம் அங்கிள்?"

"பச்சைச் சேலை."

"ஐயோ, அதுவா. அழிச்சிடுங்க லா. ஸ்டூடியோக்காரன் என்னை வெள்ளையடிச்சு வச்சிருப்பான். அது நான் இல்ல." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "அங்கிள், நீங்க எங்க வீட்லயா இருக்கீங்க? டிவி சத்தம் கேக்குது. அப்பா நியூஸ் பாக்கற நேரம் இது."

அங்கிள் போனைக் குமுதாவின் பக்கம் நீட்டினார். அந்த அம்மா முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டார். கடைசியில், "உன் துணியெல்லாம் இங்கயே கிடக்கு," என்றார்.

"அம்மா," என்றாள் நிரஞ்சனி.

பரமேஸ்வரன் எழுந்தார். போனைப் பிடுங்கத்தான் வருகிறார் என்று நினைத்து நானும் எழுந்து நின்றேன். அவர் போய் டிவியை அணைத்துவிட்டு, அதே நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். தாயும் மகளும் பத்து நிமிடம் பேசினார்கள். பேசியதைவிட அழுததுதான் அதிகம். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். எனக்கும் கண் கலங்கியது, மறைப்பதற்கு ஒன்றும் இல்லை.

பேச்சு முடிந்து போன் அங்கிளிடம் திரும்பியது. அவள் சொன்னபடி அழிப்பதற்காக மறுபடியும் அந்தப் படத்தை எடுத்தார்.

"ஒரு நிமிஷம்," என்றார் பரமேஸ்வரன். கையை நீட்டினார்.

படத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "ரொம்பத்தான் வெள்ளையடிச்சிருக்கான்," என்று சொல்லிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அங்கிள் நிரந்தரமாக அழித்தார். இந்த முறை கையை விரிக்கவில்லை.

நாங்கள் செருப்பை மாட்டும்போது பரமேஸ்வரன் வாசலுக்கு வந்தார். அவர் கையில் மனைவியின் போன் இருந்தது. அங்கிளைப் பார்க்காமல் என்னிடம் கேட்டார்.

"தம்பி, பிளாக் போட எனக்குத் தெரிஞ்சுது. எடுக்கறது எங்க இருக்கு?"