கழுவிய இரண்டு கற்கள்

பட்டம் பெற்ற மறு ஆண்டே புதுக்கோட்டையில் ஒரு கல்லூரியின் பௌதிக ஆய்வுக்கூடத்தில் எனக்குத் தற்காலிக டெமான்ஸ்ட்ரேட்டர் வேலை கிடைத்தது. அது சமஸ்தான காலம். இண்டர்மீடியட் மாணவர்களுக்குச் செய்முறை கற்பிப்பதும் பரீட்சைத் தாள்களைத் திருத்துவதும் என் பொறுப்பு. கதர் உடுத்தியிருந்தேன். ஒரு செயலின் விளைவு யாரைப் பாதிக்கும் என்று முன்கூட்டியே எண்ணிப் பார்ப்பவன் என்ற பெருமையும் எனக்கு உண்டு.

அலைகளின் குறுக்கீட்டைக் கரும்பலகையில் வட்டங்களாக வரைந்து காட்டியபோது ஒருவருக்கும் விளங்கவில்லை. இரண்டு கற்களைக் குளத்தில் போட்டுக் காட்டினால் விளங்கும் என்று தோன்றியது. கல்லூரிக்கு அருகிலிருந்த ஊருணி பாசி படியாதது. காலை வேளையில் கண்ணாடிபோல் அசையாமல் கிடக்கும். ஆறு மாணவர்களை அழைத்துக்கொண்டு புறப்பட்டேன்.

அந்த அறுவரில் ஒருவன் சேரியிலிருந்து வந்தவன். அவன் குடும்பத்தில் கல்லூரியைக் கண்ட முதல் ஆள். வழியில் செம்பாறைத் தரையில் தேடி, நெல்லிக்காய் அளவில் ஒன்றுபோல் இருக்கும் கற்களாக ஒரு கை நிறையப் பொறுக்கி எடுத்துவந்து என்னிடம் தந்தவனும் அவனே.

ஊருணி குடிதண்ணீருக்கானது. அதில் யாரும் கால் கழுவக்கூடாது. கல்லெறிந்து நீரைக் கலக்கக்கூடாது. காவல்காரர் தடியோடு எழுந்து வந்தார். பாடத்துக்காக இரண்டே இரண்டு கற்கள் என்று கெஞ்சினேன். அவர் என் கையிலிருந்த கற்களையும் மாணவர்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"யாரு பொறுக்குனதுங்கய்யா?"

என்னையறியாமல் என் பார்வை அவன் பக்கம் போனது.

"சரி, கழுவிட்டுப் போடுங்க. அந்தத் தம்பி மட்டும் அங்கிட்டே நிக்கட்டும்."

காவல்காரர் நீட்டிய செம்பிலிருந்த நீரில் கற்களைக் கழுவினேன். அவனிடம், மேலே நின்றே பார், நன்றாகத் தெரியும் என்றேன். தகராறு வந்தால் அடி அவன்மேல்தான் விழும் என்று எனக்குள் நியாயமும் சொல்லிக்கொண்டேன். கழுவிய கற்களுக்கு ஊருணி இடங்கொடுத்தது. அவன் கரைமேட்டில் நின்றான்.

கடைசிப் படியில் நின்று இரு கைகளையும் அகல விரித்து இரண்டு கற்களையும் விட்டேன். இரண்டு இடங்களிலிருந்தும் வளையங்கள் விரிந்து ஒன்றையொன்று ஊடுருவின. ஒன்றின் மேடும் மற்றதன் மேடும் சேரும் இடத்தில் நீர் இரட்டிப்பாக எழும், மேடும் பள்ளமும் சேரும் இடத்தில் அசைவற்றுக் கிடக்கும், கடந்து சென்ற பிறகு ஒவ்வொரு வளையமும் எதுவும் நடவாததுபோல் தன் வழியே போகும் என்று விளக்கினேன். இரு கற்களுக்கும் சமதூரத்தில் உள்ள நடுக்கோட்டைக் காட்டி, அங்கே இரு அலைகளும் ஒரே தூரம் வருவதால் எப்போதும் மேட்டோடு மேடே சேரும், நீர் மிகுதியாக எழும் என்றேன். புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது. நீர்மட்டத்துக்கு அருகில் குனிந்து நின்றதால் நான் கண்டது வெறும் மினுமினுப்பு மட்டுமே.

கரையிலிருந்து அவன் சொன்னான்: "நடுவுல அசையலீங்க சார். ஒங்க எடக்கைக் கல்லு கொஞ்சம் பிந்தி விழுந்துச்சு."

மற்றவர்கள் சிரித்தார்கள். "அவ்வளவு தூரத்துல இருந்து ஒனக்கு என்னப்பா தெரியும்?" என்று கேட்டேன். அவனை அவ்வளவு தூரத்தில் நிறுத்தியவன் நான் என்பது அந்தக் கணத்தில் எனக்கு நினைவில்லை.

சில வாரங்களில் செலக்‌ஷன் பரீட்சை வந்தது. அதில் தேறாதவர்களைச் சர்வகலாசாலைப் பரீட்சைக்கு அனுப்பமாட்டார்கள். அனுப்பப்படாவிட்டால் அவனுடைய உபகாரச் சம்பளம் நின்றுவிடும். படிப்பும் அத்தோடு முடிந்துவிடும். குறுக்கீடு பற்றிய கேள்விக்கு அவன் வரைந்த படத்தில் நடுக்கோட்டின்மேல் 'அசைவில்லை' என்று எழுதியிருந்தது. சிவப்பு மையால் குறுக்கே ஒரு கோடு இழுத்துப் பூஜ்யம் போட்டேன். படத்தின் கீழே இருந்த இரண்டு வரிகளைப் படிக்கவில்லை. தேறியவர் பட்டியலில் அவன் பெயர் இல்லை.

மறுநாள் அவன் ஆய்வுக்கூட வாசலில் நின்றான். முறையிடவில்லை. "இன்னொரு தடவ போட்டுப் பாத்துருங்க சார். நாங்க பொழங்குற கொளத்துலயே போடுவோம்," என்று மட்டும் சொன்னான்.

திருவரங்குளம் சாலையில் ஒரு மைல் நடந்தோம். காற்று எழாத காலை நேரம். அவன் குளத்துக்குள் நீட்டிக்கொண்டிருந்த துவைகல்லின் நுனிக்குப் போனான். நான் அவன் ஊருணியில் நின்றதைப்போலக் கரைமேட்டில் நின்றேன். அங்கிருந்து பார்க்கையில் வானத்தின் வெளிச்சம் சாய்வாக நீரில் விழுந்து ஒவ்வொரு வரியையும் எழுதிக் காட்டியது.

முதலில் இரு கற்களையும் ஒருசேர விட்டான். நடுக்கோட்டில் நீர் எழுந்து தாழ்ந்தது, புத்தகம் சொன்னபடியே. பிறகு, "இப்ப எடது பிந்துதுங்க சார்," என்று சொல்லி ஒரு கல்லைக் கண் இமைக்கும் நேரம் தாமதித்து விட்டான். இரண்டு மூன்று முறை சரியாக அமையவில்லை. நான்காவது முறை, ஒரு கல்லின் மேடுகள் நடுக்கோட்டை எட்டும் வேளையில் மற்றதன் பள்ளங்கள் அங்கே வந்து சேர்ந்தன. இருபுறமும் நீர் துள்ளிக்கொண்டிருக்க, நடுவே ஒரு பாதை மட்டும் ஏறக்குறைய அசையாமல் கிடந்தது.

திரும்பி வந்து தாளை எடுத்துப் படித்தேன். 'இரண்டும் ஒரே சமயத்தில் விழுந்தால் நடுக்கோட்டில் நீர் எழும். ஒன்று அரை அலை நேரம் பிந்தினால் அங்கே அசைவிராது. படம் நான் ஊருணியில் கண்டது.' கேள்வி கேட்டதற்கும் மேலான விடை அது.

மார்க்கைத் திருத்த வேண்டும் என்று பேராசிரியரிடம் போனேன். என் வேலை நிரந்தரமாவது அவர் கையில் இருந்தது. கூட்டலில் பிழை என்று சொன்னேன். அவர் என் கதர்ச் சட்டையைப் பார்த்துச் சிரித்தார்.

"புரியுது. அந்தப் பையன்மேல இரக்கப்பட்டுட்டீங்க. தப்பில்ல, சேத்துக்குவோம்."

இரக்கமல்ல, அவன் விடை சரி, நான்தான் தவறு என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் வேலை போகும், போனால் அவனைப்போன்ற மாணவர்களுக்குக் கல்லூரியில் யார் துணை என்று எண்ணினேன். விளைவுகளை எண்ணிப் பார்ப்பவனுக்கு இத்தகைய காரணங்கள் கிடைக்காமல் போவதில்லை. பேசாமல் இருந்துவிட்டேன். அவர் புதிய மார்க்கின் பக்கத்தில் 'கருணை' என்று எழுதினார். அது என் கண்முன்னே நடந்தது.

அந்தச் சொல் அறையிலிருந்து விடுதிக்குப் போக இரண்டு நாளாகவில்லை. கருணை வந்துவிட்டது, வழிவிடுங்கள் என்று சாப்பாட்டுக் கூடத்தில் கேலி செய்தார்களாம். அவன் என்னிடம் வந்தான்.

"அந்த விடைக்குத்தான் மார்க்குன்னு வகுப்புல ஒரு வார்த்தை சொல்லீருங்க சார்."

"பரீட்சை முடியட்டும்," என்றேன்.

அவனும் சர்வகலாசாலைப் பரீட்சை எழுதி முடித்தான், நான் சொல்லவில்லை. ஊருக்குப் போகும் நாளில் செய்முறை நோட்டைத் திருப்பித்தர வந்தவன், அந்த விடைத்தாளைத் தான் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டான். அது என் மேசை இழுப்பறையில்தான் இருந்தது. விடைத்தாளை மாணவரிடம் கொடுக்க விதி இல்லை என்றேன். விதி உண்மைதான். ஆனால் நான் நினைத்தது விதியை அல்ல. அந்தப் படத்தின் குறுக்கே நான் இழுத்த சிவப்புக் கோட்டை.

"சரிங்க சார்," என்று சொல்லிவிட்டு, சட்டைப் பையிலிருந்து இரண்டு கற்களை எடுத்து நோட்டின்மேல் வைத்துவிட்டுப் போனான். நெல்லிக்காய் அளவு, ஒன்றுபோல் இருந்தன.