விடாமல் படிக்க வையுங்கள்

சென்னியம்மாள் டீச்சருக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று பள்ளிக்கூடம் முழுக்கப் பேச்சு. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம் மட்டும் அந்தக் கோபம் வாலைச் சுருட்டிக்கொள்ளும். பதினேழு வருஷமாக அதே வகுப்புதான். ஐந்தாம் வகுப்புக்குப் போகிறீர்களா என்று தலைமையாசிரியர் அப்புசாமி கேட்டபோது, எழுத்துக்கூட்டத் தெரிந்த பிள்ளைக்கு யார் வேண்டுமானாலும் பாடம் நடத்தலாம், எனக்கு இதுகளே போதும் என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். அதற்கப்புறம் அவர் ஏன் கேட்கப் போகிறார்!

வருஷக் கடைசியில் பிள்ளைகளின் வீடுகளுக்கு ஒரு கடிதம் அனுப்புவது சென்னியம்மாளின் வழக்கம். வேறு எந்த வகுப்பிலும் அது கிடையாது. இதற்கெல்லாம் கலெக்டர் வந்து மாலை போடுவாரா என்று மற்ற டீச்சர்கள் கேலி செய்வார்கள். போடாவிட்டால் போகட்டும், என் கழுத்து ஒன்றும் வலிக்காது என்பார்.

1995 ஏப்ரலிலும் எழுதினார். ஆபீசில் இருந்தது இங்கிலீஷ் டைப்ரைட்டர். ஆகவே தமிழ்க் கடிதத்தை மெழுகு பூசிய ஸ்டென்சில் தாளில், ஊசிமுனைப் பேனாவால் கையாலேயே கீற வேண்டும். அழுத்தினால் ‘ம’வும் ‘ழ’வும் நடுவில் பிய்ந்து ஓட்டை விழும், அழுத்தாவிட்டால் மை இறங்காது. தப்பு விழுந்த இடத்தில் சிவப்பு மருந்தைத் தடவி, ஊதிக் காயவைத்து, மேலேயே மறுபடி கீற வேண்டும். இரண்டு மதியம் அதிலேயே போயிற்று. பிறகு அந்தத் தாளை சைக்ளோஸ்டைல் மெஷின் உருளையில் மாட்டிச் சுற்றினால், முதல் ஐந்தாறு பிரதி மை அப்பிக்கொண்டு வரும், கடைசிப் பத்து வெளுத்துப் போகும். நாற்பத்தொரு பிள்ளைகள். நடுவில் வந்தவைதான் கண்ணுக்கு லட்சணம்.

முதலில் நன்றி சொல்லியிருந்தார். ஷிப்ட் முடிந்த களைப்போடு பிள்ளையைக் கூட்டிவந்து விட்டதற்கு, எண்ணிப் பழகப் புளியங்கொட்டை கொடுத்தனுப்பியதற்கு, டைரியில் கையெழுத்துப் போட்டதற்கு. அடுத்ததாக லீவு. பள்ளிக்கூடத்துப் பெட்டியிலிருந்து ஆளுக்கு ஒரு படக்கதைப் புத்தகம் வரும். தினமும் பத்து நிமிஷம் பிள்ளையை மடியிலோ பக்கத்திலோ வைத்து வாசித்துக் காட்டுங்கள். விரலை எழுத்தின்மேல் ஓட்டுங்கள். கேட்ட கதையையே திரும்பக் கேட்டால் அலுத்துக்கொள்ளாதீர்கள், அப்படித்தான் எழுத்து மனதில் ஏறும். பெரியவர்களுக்கு வாசிக்க வராவிட்டால் படத்தைக் காட்டிக் கதை சொன்னாலும் போதும். பஸ் போர்டு, கடைப் பலகை, மளிகை மடித்து வந்த காகிதம் எல்லாம் வாசிப்புதான். தப்பாக வாசித்தால் அதட்ட வேண்டாம், சரியான சொல்லைச் சொல்லிவிட்டு மேலே போங்கள். எழுதச் சொல்லாதீர்கள், பரீட்சை வைக்காதீர்கள்.

‘படிக்க’ என்ற சொல்லைக் கடிதத்தில் எங்கேயும் வரவிடாமல் பார்த்துக்கொண்டார். நம்மூரில் படிப்பு என்றால் பாடம்தான், மார்க்குதான், பிரம்புதான் என்று அவருக்குத் தெரியாதா? அதனால் எல்லா இடத்திலும் ‘வாசிப்பு’ என்றே கீறினார்.

அடியில் விட்டிருந்த இடத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் நீல மையில் இரண்டு வரி கைப்பட எழுத வேண்டும். முப்பத்தெட்டு முடிந்துவிட்டது. முப்பத்தொன்பதாவது மோகனப்பிரியா. வருஷம் முழுக்க வாயே திறக்காத பிள்ளை. மார்ச்சில்தான் திடீரென்று எழுத்துகள் ஒட்டிக்கொண்டன. குடையைத் தின்ற ஆட்டின் கதையை எழுத்துக்கூட்டி வாசித்து, தானே சிரித்துத் தானே கைதட்டியது. அன்றிலிருந்து தண்ணீர் குடிக்கப் போனாலும் அந்தப் புத்தகம் கக்கத்தில்தான். இந்தச் சூடு இரண்டு மாத லீவில் ஆறிவிடக் கூடாதே என்பதுதான் டீச்சரின் ஒரே கவலை.

அதை எழுத உட்கார்ந்தபோது கடைசி மணி அடித்துவிட்டது. வாசலில் மோகனாவின் அப்பா தம்பிதுரை சைக்கிளோடு நின்றார். லேத் பட்டறையில் வேலை, நாலாம் வகுப்போடு படிப்பை விட்டவர். டீச்சர் அவசர அவசரமாக எழுதினார்: “மோகனா நன்றாக முன்னேறுகிறாள். விடாமல் படிக்க வையுங்கள்.” மை காயக்கூட இல்லை. மடித்து, ஆட்டுக் கதைக்குள் வைத்து, பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டு நாற்பதாவது கடிதத்துக்குத் திரும்பினார்.

ஜூனில் பள்ளி திறந்த அன்று தம்பிதுரை வெள்ளைச் சட்டையில் வந்தார். பையிலிருந்து எடுத்த கடிதம் மடிப்பு மடிப்பாகக் கிழிந்திருந்தது.

“நீங்க எழுதுனபடி ஒரு நாளுங்கூட உடலீங்க டீச்சர்,” என்றார். காலையில் இரண்டு மணி நேரம், சாயந்தரம் இரண்டு மணி நேரம். பாடப் புத்தகம் மூன்று தடவை, கதைப் புத்தகம் கணக்கே இல்லை. தப்பு வந்த பக்கத்தைப் பத்து முறை எழுத வைத்திருக்கிறார். அவர் மனைவி வள்ளியாத்தாள் பிள்ளையைக் கோபிசெட்டிபாளையத்துக்குத் தன் அப்பன் வீட்டுக்கு அழைத்துப் போக அழுதிருக்கிறாள். டீச்சரே எழுதியிருக்கும்போது எப்படிங்க அனுப்பறது என்று இவர் மறுத்துவிட்டார். ரெண்டு மூணு தடவை கை நீட்டிட்டேனுங்க என்றும் சொன்னார், கொஞ்சம் வெட்கத்தோடு.

சென்னியம்மாள் கடிதத்தை வாங்கி விரித்தார். மேலே அச்சில் பத்து நிமிஷம் என்று இருந்ததே, அதட்ட வேண்டாம் என்று இருந்ததே, பார்க்கவில்லையா என்று கேட்டார்.

“பாத்தேனுங்க. அது எல்லாருக்கும் அடிச்சுக் குடுத்ததுங்க. இது எங்க புள்ளைக்குன்னு நீங்க கைப்பட எழுதுனதாச்சுங்களே.”

டீச்சர் அந்த நீல வரியை மறுபடி வாசித்தார்: ‘படிக்க வையுங்கள்.’ இந்த மனிதனைத் திட்டி என்ன பயன்? தன் கையெழுத்தை வேதவாக்காக எடுத்துக்கொண்டவன். இரண்டு மதியம் ஊதி ஊதிக் கீறிய கடிதத்தைக் கடைசி நிமிஷத்தில் ஒரே வரியால் அடித்துப்போட்டது தன் பேனாதான். தப்பு என்னுதுங்க, நான் சொல்ல வந்தது அதில்லை என்று மெதுவாகச் சொன்னார். தம்பிதுரைக்கு அது புரியவில்லை. டீச்சர் தன்னடக்கமாகப் பேசுகிறார் என்று நினைத்து, கும்பிடு போட்டார்.

“படிச்சுக் காட்டு கண்ணு,” என்றார் மகளிடம்.

மோகனா கைகட்டி நின்று படித்தாள். ஒரு எழுத்துக்கூடத் தடுக்கவில்லை. ஆடு குடையைத் தின்ற இடத்திலும் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. பக்கம் திருப்பும்போது மட்டும் அப்பாவின் கையை ஒரு தரம் பார்த்துக்கொண்டாள். தம்பிதுரையின் கண் கலங்கிவிட்டது. தனக்கு வராதது தன் பிள்ளைக்கு வந்துவிட்டது என்ற சந்தோஷம் அவருக்கு. அந்தச் சந்தோஷத்தோடு சைக்கிளை மிதித்துப் பட்டறைக்குப் போனார்.

அவர் போனதும் சென்னியம்மாள் பெட்டியைத் திறந்தார். பிள்ளை இரண்டாம் வகுப்புக்குப் போக வேண்டிய நேரம்தான், ஆனாலும் மனம் கேட்கவில்லை. யாரும் தொடாத புதுப் புத்தகம் ஒன்றை எடுத்தார். அட்டையில் யானை. பக்கத்துக்கு ஒரு வரிதான், மீதியெல்லாம் படம். தரையில் உட்கார்ந்து, பக்கத்தில் இடம் காட்டி, வா அம்மணி, சும்மா படம் பார்க்கலாம் என்று கூப்பிட்டார்.

மோகனா ஒரு அடி பின்னால் போய்ச் சுவரோடு ஒட்டி நின்றாள்.

“நான் இன்னிக்குத் தப்பு ஒண்ணும் பண்ணலீங்க டீச்சர்,” என்றாள்.