சிவப்பில் ஒரு ரூபாய்

முப்பதுகளில் ஒரு சாரல் காலம். குற்றாலத்தில் தங்கியிருந்த ஜமீன்தார் ஒருவர் தமது பங்களா ஹாலில் சக்கரத்தைச் சுற்றவிட்டுச் சிவப்பு, கறுப்பு என்று பணம் கட்டும் ரூலெட் சூதாட்ட மேசை போட்டிருந்தார். தென்காசியில் வக்கீலாக இருந்த என் கணவர்தான் அவருடைய வழக்குகளைப் பார்த்துவந்தார். அருவியில் குளிக்கலாம் என்று என்னையும் கூட்டிப்போனார். தையல் மிஷினும் துணியும் வாங்க என் அப்பா தந்திருந்த முந்நூறு ரூபாய் அவர் கோட்டுப் பையில் இருந்தது. திரும்பும்போது வாங்குவதாகப் பேச்சு.

"ஏட்டி, சிவப்புல ஒரு ரூபா போடுதேன். தோத்தா ரெண்டு, பெறவு நாலு, எட்டு. சிவப்பு என்னைக்காவது வந்துதான ஆகணும்? வந்ததும் போனதெல்லாம் திரும்பிரும். மேல ஒரு ரூபா லாபம்," என்றார் என் கணவர்.

முதல் இரண்டு நாள் மாலையும் இருபது ரூபாய் ஜெயித்து, அன்றன்றே விருந்து வைத்துச் செலவழித்தார். நடையே மாறிவிட்டது. கோர்ட்டில் கூட அப்படி நடந்து நான் பார்த்ததில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் கறுப்பாகவே வந்தது. நடுவில் ஒரு முறை பூஜ்யமும் வந்து, சிவப்பில் போட்டவர் கறுப்பில் போட்டவர் எல்லாருடைய காசையும் மேசைக்காரர் வாரிக்கொண்டார். ஏழு முறை தோற்றதில் நூற்று இருபத்தேழு ரூபாய் போயிருந்தது. அடுத்துப் போட வேண்டியது நூற்று இருபத்தெட்டு.

"ஆளுக்கு நூறுக்கு மேல போடக்கூடாது, வக்கீல் சார்," என்றார் மேசைக்காரர்.

இவர் வக்கீலாயிற்றே! "சம்சாரம் தனி ஆளுதான?" என்று வாதாடி ஜெயித்தார். வாழ்நாளில் முதல் முறையாகச் சட்டப்படி என்னைத் தனி ஆளாக மதித்தார். தாம் நூறு வைத்துவிட்டு, என் பணத்திலேயே மிச்ச இருபத்தெட்டு ரூபாயை என் கையில் கொடுத்துச் சிவப்பில் வைக்கச் சொல்வதற்காக. ஆனாலும் வைத்தேன். கறுப்பு வந்தது.

அடுத்ததற்கு இருநூற்று ஐம்பத்தாறு வேண்டும். இன்னொரு ஆளைப் பிடிக்க அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். ஆள் கிடைத்திருக்கும். ஆனால் பையில் மிச்சம் நாற்பத்தைந்து. அதை எடுத்துச் சேலையில் முடிந்துகொண்டேன்.

மேசைக்காரர் சக்கரத்தைச் சுற்றினார். சிவப்பு!

"பாத்தியா, பாத்தியா!" என்று குதித்தார்.

"பாத்தேன். நாப்பத்தஞ்சப் போட்டிருந்தா நாப்பத்தஞ்சுதான் கெடச்சிருக்கும். போனது இருநூத்தம்பத்தஞ்சு."

வீட்டுக்குத் திரும்பும்போது குதிரை வண்டியில் அவர் நோட்டில் கணக்குப் போட்டபடியே வந்தார். கையிருப்பு மட்டும் இருந்திருந்தால், எல்லை மட்டும் இல்லாதிருந்தால் என்று இரட்டித்துக்கொண்டே போனார். மேலகரம் வருவதற்குள் லட்சத்தைத் தாண்டிவிட்டார்.

"அந்த லட்சத்தையும் வச்சு ஜெயிச்சா, மொத்தத்துல நமக்கு லாபம் எவ்வளவுங்க?" என்று கேட்டேன்.

பென்சிலைச் சட்டைப் பையில் செருகினார். நோட்டை மூடிவிட்டுச் சொன்னார்: "ஒரு ரூபா."