வாசற்படியில் கிடந்த அணில்

ஆவணி மாதம் பட்டுப்புடவைக் கடையில் உட்கார நேரம் கிடைக்காது. வெளியூரிலிருந்து கல்யாண வீட்டார் வேன் வைத்துக்கொண்டு வருவார்கள். நூறு புடவையை விரிக்கச் சொல்லிவிட்டு முதலில் பார்த்த புடவையையே எடுப்பார்கள். மீதியை மடிப்புக் கலையாமல் மடித்து அடுக்க வேண்டும். அன்றைக்கும் அப்படித்தான் மடித்து அடுக்கிவிட்டு, ஆரணி பஜாரில் கூட்டத்தை இடித்துக்கொண்டு நடந்து வீடு வந்து சேர்ந்தேன். செருப்பைக் கழற்றும்போதே கெண்டைக்கால் இழுத்துப் பிடித்தது.

வீடு என்றால் பின்கட்டில் ஒரு அறையும் சமையலறையும். முன்கட்டில் வீட்டுக்காரர் குடும்பம். அவர்கள் சமணர்கள், தலைமுறை தலைமுறையாக இந்தப் பக்கத்துக்காரர்கள், அரிசி மண்டி வியாபாரம். இரண்டு கட்டுக்கும் நடுவில் ஒரு சின்ன முற்றம், அதில் ஒரு கொய்யா மரம். என் கதவும் வீட்டுக்கார அக்காவின் சமையலறைக் கதவும் அந்த முற்றத்தைப் பார்த்துத்தான் திறக்கும். நான் போனபோது அக்கா தன் கதவுக்கு உள்ளே நின்றிருந்தார். அவர் வாசற்படியின் நடுவில் ஒரு அணில் செத்துக் கிடந்தது. கழுத்துப் பக்கம் மட்டும் கொஞ்சம் ரத்தம். என் பூனை கொய்யா மரத்தடியில் உட்கார்ந்து முன்னங்காலை நக்கிக்கொண்டிருந்தது.

"மொதல்ல அத எடும்மா" என்றார் அக்கா.

முறத்தில் தள்ளி எடுத்து, மரத்தடியில் குழி தோண்டிப் புதைத்தேன். படியைக் கழுவிவிட்டேன். அவர் இன்னும் அங்கேயே நின்றிருந்தார். அவர்களுக்கு அது பத்து நாள் விரத காலம். பகலில் ஒருவேளைதான் சாப்பாடு. அதையும் பொழுது சாய்வதற்குள் முடித்துவிட வேண்டும்.

"சாப்ட்டீங்களாக்கா?"

"எலை போட்டு ஒக்காந்தேன். அது வாயில கவ்விகினு வந்து எம் முன்னாடியே போட்டுச்சு. செத்ததப் பாத்தா எங்கள்ல எழுந்துடணும். இனிமே நாளைக்குத்தான்."

இதற்கு முன்னும் எலி, ஓணான், ஒருதரம் ஒரு தவிட்டுக்குருவி என்று வந்திருக்கின்றன. அவையெல்லாம் காலையில் என் வாசலில் கிடக்கும். அள்ளிப் போட்டுவிட்டுக் கடைக்குப் போய்விடுவேன்.

அக்கா கோபப்பட்டிருந்தால் தேவலை. மெதுவாகத்தான் பேசினார். "வெரதம் முடியட்டும். அதுக்குள்ள அத எங்கனா கொண்டு போய் விட்டுடு. இல்லன்னா நீ வேற வீடு பாத்துக்கம்மா. நானும் எத்தினி நாள் பாத்துகினு இருக்கறது?"

களைப்பில் வாய் அடங்கவில்லை. "எலி வரதில்லைன்னு நீங்களும்தானேக்கா சந்தோஷப்பட்டீங்க" என்று சொல்லிவிட்டேன்.

அது உண்மைதான். மண்டி மூட்டைகளைக் கொஞ்சம் முன்கட்டில்தான் அடுக்கி வைப்பார்கள். அவர்கள் மருந்து வைக்க மாட்டார்கள். கூண்டு வைத்து எலியைப் பிடித்து, அக்காவின் வீட்டுக்காரர் வண்டியில் ஏரிக்கரைக்குக் கொண்டுபோய்த் திறந்துவிடுவார். பூனை வந்த பிறகு கூண்டு பரணுக்குப் போய்விட்டது. அக்கா கதவைச் சாத்திக்கொண்டார்.

பூனை என்னுடையதுகூட இல்லை, என் மகளுடையது. காலேஜில் படிக்கும்போது மழையில் நனைந்த குட்டியைத் தூக்கி வந்தாள். வேலூருக்குக் கொண்டுபோய்க் கருத்தடை ஆபரேஷன்கூடச் செய்தாள். பிறகு சென்னையில் வேலை கிடைத்து ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். அங்கே பூனைக்கு அனுமதி இல்லை. அவளுக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

"அது அவங்களுக்கு கிஃப்ட் குடுத்திருக்கும்மா. பாசத்துல பண்றது. வீடியோல பாத்திருக்கேன்."

"நீ வந்து இந்தப் பாசத்த முறத்துல அள்ளிப் பாரு" என்றேன். சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

படவேட்டில் என் அண்ணன் வீடு இருக்கிறது. தோட்டத்தில் விட்டுவிடலாம் என்று ஒரு நினைப்பு ஓடியது. எப்போதாவது வருகிற ஒரு பஸ்ஸுக்காகப் பூனையைக் கட்டைப்பையில் போட்டுக்கொண்டு காத்திருப்பதை நினைத்தபோதே அலுத்தது. அதற்கு முன் மாட்டாஸ்பத்திரியில் ஒரு வார்த்தை கேட்கலாம் என்று வார லீவு நாளில் பூனையைப் பையில் போட்டுக்கொண்டு போனேன். எனக்கு முன்னால் வயிறு உப்பிய ஆடு ஒன்று, கன்றுக்குட்டி ஒன்று. டாக்டர் அம்மாவுக்கு என் மகளைவிட நாலைந்து வயது கூட இருக்கும். அவரும் காலையிலிருந்து நின்றபடியே இருந்தார் போல, ஒரு காலை மாற்றி ஒரு காலில் சாய்ந்து நின்றார்.

"டாக்டர், இது வேட்டையாடாம இருக்க மாத்திரை ஏதாவது இருக்குங்களா?"

"அப்படி ஒரு மாத்திரை இல்லைங்களே" என்றார். பையைத் திறந்து பூனையின் பல்லைப் பார்த்தார், வயிற்றைத் தடவினார். "என்ன போடறீங்க?"

"தயிர்சாதம், பால். வீட்டுக்காரங்க சைவம். அசைவம் சமைக்கக் கூடாதுன்னு சொல்லித்தான் வீடு குடுத்தாங்க."

"அதான். பூனைக்கு மாமிசம் இல்லாம முடியாதுங்க. நாய் மாதிரி சமாளிச்சுக்காது. அதுல இருக்கற சில சத்து இல்லன்னா கண்ணு, இருதயம் எல்லாம் கெட்டுடும். நீங்க குடுக்காதத அது மரத்துல தேடிக்குது."

"அப்போ வயிறு நெறஞ்சா பிடிக்காதா?"

"குறையும். நிக்காது. பசி வேற, வேட்டை வேற. பத்து தரம் பாஞ்சா ஏழெட்டு தரம் தப்பிடும். பசிச்ச பெறகு கிளம்பினா பட்டினிதான். அதனால வயிறு நெறஞ்சிருந்தாலும், ஏதாவது ஓடினா பாயற மாதிரிதான் அதோட பொறப்பு. கருத்தடை பண்ணாலும் இது போகாது."

பரிசு என்று மகள் சொன்னதைக் கேட்டேன். டாக்டர் தோளைக் குலுக்கினார். "அப்படிச் சொல்றாங்க. தாய்ப்பூனை குட்டிக்கு மொதல்ல செத்தத, அப்புறம் உயிரோடன்னு கொண்டாந்து போட்டுப் பழக்கும். அந்தக் குணம்தான் இதுன்னு சிலர் சொல்றாங்க. உறுதியா யாருக்கும் தெரியாது. பிடிச்சத பயமில்லாத எடத்துக்குக் கொண்டாருதுன்னு மட்டும் சொல்லலாம். அன்னைக்கு உங்க கதவு பூட்டியிருந்துச்சா?"

"நான் கடையில இருந்தேன்."

"அப்போ பக்கத்துப் படிதான் அதுக்கு வீடு."

அடிக்காதீர்கள் என்றார். அடித்தால் எதற்கு அடி என்று அதற்குப் புரியாது, உங்களைக் கண்டுதான் ஒளியும் என்றார். பொழுது சாயும் நேரமும் விடியும் நேரமும் வெளியே விடக் கூடாது. கறியோ மீனோ அதிகமாகச் சேர்த்த பூனைத் தீவனம் போட வேண்டும். தினமும் கொஞ்ச நேரம் குச்சியில் துணியைக் கட்டி ஆட்டி, ஓடவிட்டுப் பிடிக்கவிட வேண்டும். பட்டுநூல் மட்டும் கட்டக் கூடாது, முழுங்கினால் குடலில் சிக்கிக்கொள்ளும், விளையாடி முடித்ததும் குச்சியை எடுத்து வைத்துவிட வேண்டும். எலி தின்பதால் பூச்சி மாத்திரையும் எழுதிக் கொடுத்தார். படவேடு பற்றிச் சொன்னேன். "தெரியாத எடத்துல விட்டா பாதி தொலைஞ்சுபோகும். தொலையாம இருந்தா அங்கேயும் இதத்தான் செய்யும்" என்று சொல்லிவிட்டு மறுபடி ஆட்டைக் கவனிக்கப் போனார்.

பொழுது சாயும்போது நான் கடையில் இருப்பேன். இரவில் வந்து குச்சியை ஆட்டுவதற்கு எனக்குக் கையில் தெம்பு இருந்தால்தானே. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு திரும்பும் வழியெல்லாம் இதைத்தான் நினைத்தேன்.

அக்காவிடம் ஒன்றுவிடாமல் சொன்னேன். மாமிசம் இல்லாமல் முடியாது என்றதும் அவர் முகம் சுருங்கிவிட்டது.

"பாக்கெட்ல வர்றதும் கொலைதானம்மா. கண்ணுக்குத் தெரியாத கொலை."

"இல்லன்னா மரத்துலேருந்து எடுக்குதுக்கா."

"விட்டுட்டா தொலைஞ்சுபோகும்னா சொன்னாங்க?"

"ஆமாக்கா."

அவருக்கு எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு உயிர் நின்றது. கடைசியில், "உங் கதவுக்கு உள்ள நீ இன்னா போடறியோ, நா பாக்கல, கேக்கல. முத்தத்துக்கு வாசனை வரக் கூடாது. சாயங்காலம் உள்ள போட்டு மூடற வேலைய நா பாத்துக்கறேன். அந்நேரத்துக்கு நா எப்படியும் சாப்ட்டு முடிச்சு முத்தத்துலதான் இருப்பேன். சாவியக் குடு" என்றார்.

அதிலிருந்து வெயில் இறங்கியதும் அக்கா என் கதவைத் திறந்து தீவன டப்பாவைக் குலுக்குவார். டப்பாவில் என்ன இருக்கிறது என்று அவர் திறந்து பார்த்ததே இல்லை. பூனை உள்ளே போகும், கதவு சாத்தப்படும். நான் வந்ததும் கால் நீட்டித் தரையில் உட்கார்ந்து குச்சியை ஆட்டுவேன். சில நாள் ஆட்டிக்கொண்டே கண் சொருகிவிடும். துணியைக் கவ்விய பூனை குச்சியைப் பிடித்து இழுக்கும்போது விழித்துக்கொள்வேன். ஒருதரம் அக்கா கதவோரம் நின்று இதைப் பார்த்தார். "மாவுல கோழி செஞ்சு வெட்டினாக்கூடப் பாவம்னு எங்கள்ல சொல்லுவாங்க. இந்தத் துணியும் அப்படித்தான்" என்றார். நான் கையை நிறுத்தினேன். "நீ ஆட்டு. அணில் பொழைக்குதில்ல" என்று உள்ளே போய்விட்டார்.

வாசலில் கிடப்பது குறைந்தது. ஆனால் நிற்கவில்லை.

ஐப்பசியில் ஒருநாள் மழை இருட்டில் பூனை குலுக்கலுக்கு வரவில்லை. நான் வந்தபோது அக்கா குடையோடு முற்றத்தில் நின்றிருந்தார். "இன்னிக்கு இன்னும் வரல. பேஜாரா இருக்கு" என்றார். சொல்லிக்கொண்டிருக்கும்போதே சுவரிலிருந்து குதித்தது. வாயில் ஒரு கொண்டைக்குருவி, றெக்கை அடித்துக்கொண்டிருந்தது. அக்கா ஐயோ என்று கத்தப் போனவர் வாயைப் பொத்திக்கொண்டார். நான் டப்பாவைக் குலுக்கினேன். பூனை யோசித்து, குருவியைக் கீழே போட்டுவிட்டு என்னிடம் வந்தது. அதைத் தூக்கி உள்ளே போட்டுக் கதவைச் சாத்தினேன்.

குருவியை ஓட்டை போட்ட புடவைப் பெட்டியில் துணி விரித்து வைத்தோம். பார்க்கக் காயம் ஒன்றும் தெரியவில்லை. டாக்டர் அம்மாவுக்குப் போன் போட்டேன். பூனைப் பல் ஊசி மாதிரி, வெளியே தெரியாமலே விஷம் ஏறிவிடும், காலையில் முதல் வேலையாகக் கொண்டுவாருங்கள் என்றார். அக்கா பெட்டியைத் தன் சமையலறை மூலையில் இருட்டாக வைத்துக்கொண்டார். விடிந்து நான் போனபோது அது செத்திருந்தது. அக்கா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"இத நா பூனைமேல சொல்ல முடியலம்மா" என்றார். "பூனையும் குருவியும் ரெண்டுமே எங்கிட்டதான் வந்துச்சு."

நான் குழி தோண்டினேன். அவர் தண்ணீர் கொண்டுவந்தார்.

அந்த வாரமே அக்காவின் வீட்டுக்காரர் ஆள் வைத்து என் ஜன்னலுக்கும் முற்றத்துக் கதவுக்கும் கம்பிவலை அடித்துக் கொடுத்தார். இப்போது பூனை வெளியே போவதே இல்லை. வீடு பார்க்கச் சொன்ன பேச்சும் எழவில்லை. கொய்யா மரத்தில் அணில்கள் ஏறி இறங்குகின்றன. பூனை வலைக்குப் பின்னால் உட்கார்ந்து தாடை நடுங்கக் கீச்சுக் கீச்சென்று கத்துகிறது. முன்கட்டில் கூண்டு திரும்பவும் பரணிலிருந்து இறங்கிவிட்டது, ஏரிக்கரைப் பயணம் மறுபடி தொடங்கியாயிற்று.

வெளிச்சம் வருவதற்கு முன்பே பூனை என் மார்பில் ஏறி நின்று மிதிக்கிறது. அது வேட்டைக்குக் கிளம்பும் நேரம். எழுந்து தீவனத்தைப் போட்டுவிட்டு, கண்ணை மூடியபடியே குச்சியை ஆட்டுகிறேன். அது பாய்கிறது. கடைக்குப் போக இன்னும் நேரம் இருக்கிறது. ஆனால் அதற்கப்புறம் தூக்கம் வருவதில்லை.