ஒண்ணும் அழுத்தாம சும்மா இருங்க

தல்லாகுளத்தில் ஒரு குழந்தை டாக்டரின் கிளினிக்கில் போன் எடுப்பதும் டோக்கன் கொடுப்பதும் என் வேலை. இரண்டாயிரம் பிறந்த புதிதில், டாக்டரின் மருமகன் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து போன் லைனில் மாட்டினார். அவர் என்ஜினீயர். இனிமேல் கூப்பிடுகிறவர்களிடம் பெட்டியே பேசும், அவர்கள் எண்ணை அழுத்தினால் பதில் கிடைக்கும் என்றார். அதோடு நிறுத்தினாரா? “இது மட்டும் ஒழுங்கா ஓடிருச்சுன்னா, அக்காவுக்கு அரை நாள் வேலை போதும் மாமா” என்று என்னை வைத்துக்கொண்டே சொன்னார். அரை நாள் என்றால் அரைச் சம்பளம். என் வீட்டில் யாருக்கும் அரை வயிறு கிடையாது.

முதலில் அவரே பேசிப் பதிவு செய்தார். “எண் ஒன்று, முன்பதிவு மற்றும் அது தொடர்பான விவரங்களுக்கு” என்று ஆரம்பித்து ஏழு வரை போனார். எதற்கு என்று புரிவதற்குள் எந்த எண் என்பது மறந்துபோகும். ஜனங்கள் போனை வைத்துவிட்டு பஸ் ஏறி வந்து என்னிடம் சண்டை போட்டார்கள்.

டாக்டர் என்னையே எழுதிப் பேசச் சொன்னார். எல்லோரும் கேட்டுப் பழகிய குரல் என்னுடையதாம். என் கையால் என் கண்ணையே குத்தச் சொன்னார்கள். ஆனால் எனக்கு ஒரு கெட்ட குணம், எந்த வேலையையும் அரைகுறையாகச் செய்ய வராது.

முதல் தடவை “வணக்கம், சொல்லுங்க” என்று ஆரம்பித்தேன். தப்பு. தாய்மார்கள் பிள்ளையின் பேதியில் தொடங்கி மாமியார் வரைக்கும் பெட்டியிடம் சொல்லித் தீர்த்தார்கள். அம்புட்டையும் கேட்டுவிட்டு ஒரு வார்த்தை பதில் சொல்லவில்லை என்று எனக்குத் திமிர்ப் பட்டம் வேறு.

“சொல்லுங்க”வை எடுத்தேன். அவசரத்தை முன்னால் வைத்தேன். ஒவ்வொரு வரியிலும் காரியம் முதலில், எண் கடைசியில். பெஞ்சில் காத்திருந்த ஒரு அம்மாவிடம் படித்துக் காட்டி, எதை அழுத்துவீர்கள் என்று திருப்பிக் கேட்பேன். அவர் “என்னது?” என்றால் அந்த வரியை மறுபடி எழுதுவேன். கடைசியில் இப்படி நின்றது: “இது ரிக்கார்டு பண்ணுன குரல். பிள்ளைக்கு மூச்சுத் திணறல், வலிப்புன்னா, ஒண்ணை அழுத்துங்க. டாக்டர் எப்ப இருப்பாருன்னு தெரியணும்னா, ரெண்டை அழுத்துங்க. டோக்கன் வேணும்னா, மூணை அழுத்துங்க.” ஒன்று நேராக டாக்டர் அறையில் மணி அடிக்கும். இரண்டு நேரத்தைச் சொல்லும். மூன்று, கூப்பிட்டவர் பேரைப் பதிவு செய்துகொள்ளும்.

அப்புறம் மருமகனிடம் பவ்யமாக ஒரு சந்தேகம் கேட்டேன். வட்டத்தைச் சுழற்றுகிற பழைய போன் வைத்திருப்பவர்கள் எதை அழுத்துவார்கள்? யாரும் எதையும் அழுத்தாவிட்டால் என் மேசையில் மணி அடிக்கும்படி அமைத்துக் கொடுத்தார். அதற்கு ஒரு வரி சேர்த்தேன்: “அழுத்தத் தெரியலையா? ஒண்ணும் அழுத்தாம சும்மா இருங்க, நான் வாரேன்.” நியாயமான வரிதான். ஆனால் மற்ற மூன்றையும் கடுகடு என்று பேசிவிட்டு, இதை மட்டும் வீட்டுக்கு வந்த சம்பந்திக்குக் காபி கொடுப்பதுபோல் பேசினேன். ஒரே தடவையில் மதுரைக்கே புரிந்துவிட்டது. எல்லோரும் சும்மா இருந்து என்னைத்தான் பிடித்தார்கள், ஒரு வாரத்தில் மூன்றை அழுத்தியவர்கள் நாலே பேர். அதில் ஒருவர் சோதித்துப் பார்த்த மருமகன்.

நான் ஜெயித்துவிட்டேன் என்று இருந்தபோது என் மகளுக்குக் காய்ச்சல் கண்டது. லீவு போட்டேன். மத்தியானம் உடம்பு அனலாகக் கொதித்தது, தெர்மாமீட்டர் நூற்று மூன்று. திருப்பரங்குன்றத்தில் எங்கள் தெரு முனை டெலிபோன் பூத்துக்கு ஓடினேன். நான் எழுதிய சட்டப்படி காய்ச்சலுக்கு ஒன்றாம் எண் கிடையாது. ஆனாலும் ஒன்றைத்தான் அழுத்தினேன். பூத்துக்காரர் வைத்திருந்தது பட்டன் இருந்தும் பழைய போன்போல டிக் டிக் என்று மட்டும் அடிக்கிற ரகம். அந்தச் சத்தம் பெட்டிக்குப் புரியாது. மறுபடி அழுத்தினேன், மறுபடியும் டிக். என் குரலே கனிவாகச் சொன்னது, சும்மா இருங்க, நான் வாரேன். எங்கேடி வருவ, நீதான் இங்கே நிற்கிறியே என்று என்னையே திட்டிக்கொண்டு நின்றேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

கடைசியில் எடுத்தது டாக்டர். யார் என்று சொன்னதும் கத்தினார்.

“வாரேன் வாரேன்னு சொல்லிட்டு எங்கம்மா போன? காலையில இருந்து ஊசியைக் கீழ வச்சுட்டு நான்தான் வந்துக்கிட்டே இருக்கேன்.”

மகளுக்கு நூற்று மூன்று என்றேன். கத்தலை விட்டார். அப்புறம் நெற்றியிலும் உடம்பிலும் ஈரத்துணி வைத்துத் துடை, ஆட்டோ பிடித்து வா, கிளம்பாமல் இருக்கிறேன் என்றார்.

அவர் என் மகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோதே வெளியில் என் மேசையில் மணி அடித்தது. மருமகன் வாசலில் நின்றார். டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பைக் காதிலிருந்து எடுக்காமலே கேட்டார், “அரை நாள்னு சொன்னீங்கள்ல மாப்ள, மிச்ச அரை நாளு நீங்க வந்து உக்காருறீகளா?”

மருமகன் போய் என் மேசை போனை எடுத்தார். அந்த ஒரு வரியை மட்டும் ஏன் அத்தனை கனிவாகப் பேசினேன் என்று டாக்டரிடம் சொல்ல வாய் வரை வந்தது, மகள் முனகவும் விழுங்கிவிட்டேன்.