வாயால் சொன்ன விலகல்

லிஃப்டில் ஏறுகிறவர்கள் அவளை நினைப்பதில்லை. "கதவு மூடுகிறது", "இரண்டாம் தளம்" என்பதெல்லாம் இயந்திரமே சொல்கிறது என்று நம்புகிறார்கள். அவளுக்கு அதில் வருத்தமில்லை. முகத்தைக் காட்ட ஆசைப்படுகிறவள் குரல் தொழிலுக்கு வரக்கூடாது என்பது அவள் கட்சி.

ஒலிப்பதிவுக்கூடத்தில் அவளுக்கு லிஃப்டக்கா என்று பெயர். அதற்கு முன் பதினாறு வருடம் ஓர் ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆபரேட்டர். சாவுச் செய்தியையும் பிரசவச் செய்தியையும் ஒரே தொனியில் சொல்லிப் பழகியவள். ஆஸ்பத்திரி தானாகப் பேசும் கருவி ஒன்றை வாங்கியதும் அவளை அனுப்பிவிட்டார்கள். கருவிக்கும் ஒரு பொம்பளை எங்கேயோ பேசித்தானே ஆகவேண்டும், அது நானாக இருந்தால் என்ன என்று யோசித்தாள்.

அப்போது மேனேஜராக வந்து சேர்ந்தவர் நாத்தனாரின் கணவர். விளம்பரத் தரகர். தொழில் வட்டாரத்தில் அவரை 'இருபது' என்பார்கள். வணக்கம் சொன்னால்கூட அதில் இருபது சதவீதம் பிடித்துக்கொள்வார் என்று கேலி. ஆனாலும் லிஃப்ட் கம்பெனியைக் கொண்டுவந்தவர் அவர்தான். ஆறு வாக்கியங்கள். அவற்றைப் பயன்படுத்த ஆண்டுதோறும் கட்டணம். அந்த உதவியை அவள் ஒருநாளும் மறுத்ததில்லை.

ஒரு மாலை பக்கத்து வீட்டுப் பெண் போனைக் கையில் பிடித்தபடி படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். கடன் தவணைக்கு மிரட்டல். "உங்கள் உறவினர்களுக்குத் தகவல் தெரிவிக்கப்படும்" என்று போனில் ஒரு பெண் குரல் சொன்னது. பக்கத்து வீட்டுக்காரி அழுதுகொண்டே அவள் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். குரல் லிஃப்டக்காவுடையது.

நூலகத்துக்கான நினைவூட்டல் என்று சொல்லி மேனேஜர் பதிவு செய்யவைத்த வாக்கியங்கள். கடன்காரர்கள் அவற்றைத் துண்டு துண்டாக வெட்டி வேறு விதமாக ஒட்டியிருந்தார்கள்.

அந்தப் படிக்கட்டில் நின்றபடியே அவருக்கு ஒரு குரல் பதிவு அனுப்பினாள். "அண்ணே, இன்னியோட நமக்குள்ள தொழில் உறவு முடிஞ்சுது. வீட்டு உறவு உங்க இஷ்டம்." பதினோரு நொடி. ஒரு தடுமாற்றமில்லை, மறுபதிவு தேவைப்படவில்லை.

மூன்று மாதம் கழித்து லிஃப்ட் கம்பெனி அவளையே கூப்பிட்டது. ஆஸ்பத்திரிகளில் வழிகாட்டும் அறிவிப்புகள், நூற்றி நாற்பது வாக்கியங்கள். தானே போய்ப் பேசினாள். விலையையும் தானே சொன்னாள். கையெழுத்துக்குப் போன அன்று ஒப்பந்தப் பிரிவு அதிகாரி ஒரு கடிதத்தை மேசையில் வைத்தார்.

"உங்க மேனேஜர் எழுதியிருக்கார். ஒப்பந்தம் இன்னும் முடியலயாம். இதுலயும் இருபது சதவீதம் அவருக்காம்."

"முடிச்சு மூணு மாசமாச்சு சார்."

"இருக்கலாம். ஆட்சேபணை இல்லைன்னு அவர்கிட்ட ஒரு கடிதம் வாங்கிட்டு வாங்க. வெள்ளிக்கிழமை வரைக்கும் பாப்போம். அப்புறம் வேற குரல்தான்."

அவள் தேடிப் போன வக்கீலம்மா, இருபதோடு போட்ட பழைய ஒப்பந்தத்தை இரண்டு முறை படித்தார். "விலகலை எழுத்துல, பதிவுத் தபால்ல கொடுக்கணும்னு போட்டிருக்கு. நீங்க என்ன பண்ணீங்க?"

"பேசி அனுப்பினேன்."

"பேசியா?"

"என் பிழைப்பே பேச்சுதானேம்மா. கோவம் வந்தா தச்சன் உளியத்தான் எடுப்பான்."

வக்கீலம்மா சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, அந்தக் குரல் பதிவுக்குப் பிறகு இருபது எங்காவது ஏதாவது எழுதியிருக்கிறாரா என்று கேட்டார். அவளுக்குத் தெரியவில்லை. லிஃப்ட் கம்பெனியின் கோப்பில் தேடச் சொன்னபோது கிடைத்தது. குரல் பதிவு போன மறுநாளே இருபது எழுதிய மின்னஞ்சல்: 'இன்று முதல் நான் இவருடைய பிரதிநிதி அல்ல. ஆறு வாக்கியங்களுக்கான என் கமிஷனை மட்டும் வழக்கம்போல் எனக்கு அனுப்பவும்.'

"நீங்க எழுத மறந்தத அவரே எழுதிட்டார்" என்றார் வக்கீலம்மா. "முடிஞ்சுதுன்னு ஒப்புக்கிட்டு நடந்துட்டு, இப்போ முடியலன்னு சொல்றது கஷ்டம். நல்ல ஆதாரம். ஆனா தீர்ப்பு இல்ல, நெனப்புல வச்சுக்கோங்க."

புதன்கிழமை வக்கீலம்மா அறையில் இருபது வந்து உட்கார்ந்தார். கூடவே அவள் கணவனும். அவன் கடிகாரம் பழுது பார்ப்பவன். எந்தப் பேச்சிலும் இரண்டு முள்ளும் ஒன்றின் மேல் ஒன்று வந்து நின்றால் போதும் என்று நினைப்பவன்.

"கோவத்துல ஏதோ அனுப்பிச்சே. நானும் கோவத்துல ஏதோ எழுதினேன்" என்றார் இருபது. "விடும்மா. பத்து கொடு, இப்பவே கையெழுத்து போடறேன்."

"எதுக்குண்ணே பத்து?"

"அந்தக் கம்பெனிக் கதவத் திறந்துவிட்டது யாரு?"

"நீங்கதான். அதுக்குத்தான் ஆறு வாக்கியத்துல வருஷா வருஷம் வாங்கறீங்க. நிறுத்தச் சொன்னேனா? கதவத் திறந்துவிட்டவர் வீட்டுலயும் பங்கு கேட்டா எப்படி?"

"நீட்டிப்பு, புதுப்பிப்பு எல்லாத்துக்கும் எனக்கு உண்டுன்னு எழுதியிருக்கு."

வக்கீலம்மா குறுக்கிட்டார். "ஆறு வாக்கியத்த அடுத்த வருஷம் நீட்டிச்சா உங்களுக்கு உண்டு. இது வேற வாக்கியம், வேற உபயோகம், வேற விலை. உங்க விலகலுக்கு அப்புறம் அவங்களே பேசினது."

"கம்பெனி அதேதானேம்மா?"

"நீங்க ஏற்பாடு செஞ்ச ஒப்பந்தத்துக்குன்னு போட்டிருக்கு. கம்பெனிக்குன்னு போடல."

இருபது எழுந்தார். "அப்ப ஆட்சேபணை இல்லைங்கற கடிதம் வராது. நூலக விஷயத்துல எனக்கே தெரியாம நடந்துட்டுது, அதையும் சொல்லிட்டேன்." மைத்துனனைப் பார்த்தார். "உன் பொண்டாட்டிக்கு நீதான்டா புத்தி சொல்லணும்."

"அவரு கடிகாரத்துக்குத்தான்ணே சொல்லுவார்" என்றாள் அவள்.

வழியில் கணவன் மெதுவாகத் தொடங்கினான். "பத்துதானே கேக்கறார். அக்கா வீட்டுல பேச்சுவார்த்தை நின்னுடும்."

"நிக்கட்டும். பேச்சு என் தொழில். எங்க தேவையோ அங்க பேசிக்கறேன்."

"கம்பெனி வேற ஆளத் தேடிட்டா?"

அந்தக் கேள்வியைத்தான் இரண்டு நாளாக அவளும் தன்னைக் கேட்டுக்கொண்டிருந்தாள். நாற்பத்தொன்பது வயதில் நூற்றி நாற்பது வாக்கியங்கள் மறுபடி வராது.

மறுநாள் வக்கீலம்மா ஒரு வழி சொன்னார். இருபதின் கடிதம் இல்லாமலே கம்பெனி கையெழுத்திடலாம். அதற்கு அவள் ஓர் உறுதி எழுதித் தரவேண்டும்: இருபது வழக்குப் போட்டுக் கம்பெனிக்கு நஷ்டம் வந்தால் அதை அவளே ஏற்பாள். மின்னஞ்சலைப் பார்த்துவிட்டு அதிகாரியும் சம்மதித்துவிட்டார். ஏற்கெனவே விலகியது செல்லும் என்பதை விட்டுக்கொடுக்காமல், எழுத்திலும் ஒரு விலகல் அறிவிப்பு பதிவுத் தபாலில் போனது.

"தோத்தா இருபது சதவீதம் முழுசும் உங்க தலையில விடியும்" என்றார் வக்கீலம்மா. "வக்கீல் செலவும் சேர்ந்து. பத்துக்குச் சம்மதிச்சா அதவிடக் குறைவுதான். எண்ணிப் பாத்துக்கோங்க."

"எண்ணிட்டேன். தோத்தா கொடுப்பேன். தோக்காமலே கொடுக்கறதுதான் எனக்கு ஆகாது."

வெள்ளிக்கிழமை கம்பெனியின் சிறிய கூட்ட அறை. நாத்தனாரிடமிருந்து மூன்று முறை அழைப்பு வந்தது. நான்காவது முறை எடுத்தாள்.

"பத்து பர்சன்ட்டுக்காக உறவ அறுத்துக்கறியா?"

"அத உங்க வீட்டுக்காரர்கிட்ட கேளுங்க அண்ணி. கேக்கறது அவரு" என்று சொல்லிப் போனை அணைத்தாள்.

அதிகாரி ஒப்பந்தத்தை நீட்டி, கையெழுத்திட வேண்டிய இடங்களில் ஒட்டிய மஞ்சள் துண்டுகளைக் காட்டினார். அவள் முதல் பக்கத்தைத் திருப்பி, வாய்விட்டுப் படிக்கத் தொடங்கினாள். நிறுத்தங்களோடு, ஒவ்வொரு சொல்லையும் ஆஸ்பத்திரி அறிவிப்பு மாதிரி.

"குரலை வேறு வாக்கியங்களாக வெட்டி ஒட்டுவதானால் எழுத்துமூலம் என் சம்மதம் வேண்டும்னு இங்க ஒரு வரி கேட்டிருந்தேன் சார். காணோம்."

"அடுத்த ஒப்பந்தத்துல சேத்துக்கலாம் மேடம்."

"இதுலயே சேருங்க. நான் இருக்கேன்."

அதிகாரி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு தட்டச்சு செய்கிற பெண்ணைக் கூப்பிட்டார். லிஃப்டக்கா தண்ணீர் ஒரு வாய் குடித்துவிட்டு, ஐந்தாம் பக்கத்திலிருந்து மேலே படித்தாள்.