என் தங்கைக்கு நான் வைத்த பேர்

என் பேர் அறிவுக்கொடி. வகுப்பில் மூன்று ப்ரியா, நான்கு திவ்யா இருந்தார்கள். அறிவுக்கொடி நான் ஒருத்திதான். சுதந்திர தினம் வந்தால் போதும், "உன்னை ஏத்தியாச்சா?" என்று பையன்கள் உயிரை வாங்குவார்கள். இந்தப் பேரைக் கொடுத்தவர் என் பெரியப்பா.

தி.நகரில் எங்கள் வீட்டில் பேர் வைக்கும் இலாகா அவருடையது. கல்லூரி நாளில் தமிழ்க் கூட்டங்களுக்குப் போய்வந்து, நடராஜன் என்ற தன் பேரைக் கூத்தரசன் என்று மாற்றி அரசிதழிலும் வெளியிட்டவர். அதற்காகத் தாத்தா ஒரு வருஷம் அவரோடு பேசவில்லை. ஜாதகம் பார்த்து முதலெழுத்து எடுக்கக் கூடாது, வடமொழி கூடாது, ஷ, ஜ பக்கம் தலைவைத்தும் படுக்கக் கூடாது, கேட்டதும் பொருள் விளங்க வேண்டும் என்பதெல்லாம் அவர் சட்டம். பால்காரர் கஜேந்திரனைக்கூடக் 'களிற்றரசே' என்றுதான் அழைப்பார். அவரும் பாவம், திரும்பிப் பார்ப்பார்.

எனக்கு ஏழு வயதில் தங்கை பிறந்தாள். பெரியப்பா 'நிறைமதி' என்று முடிவே செய்துவிட்டார். அம்மாவுக்கோ வர்ஷா என்று ஆசை.

"இந்தக் காலத்துல யாருங்க அப்படி வைக்கிறாங்க?" என்று சமையலறையில் அப்பாவிடம் முணுமுணுத்தாள்.

"அண்ணன்கிட்ட நீயே சொல்லேன்" என்று அப்பா நழுவினார். இவளும் என்னைப் போல அவஸ்தைப்படப் போகிறாளே என்று எனக்கு அழுகையே வந்தது.

பேர் சூட்டும் நாளில் ஐயர் கிடையாது. பெரியப்பாவே அரைமணி நேரம் பேசினார். அடுத்து, அத்தை குழந்தையின் காதில் மூன்று முறை பேரைச் சொல்ல வேண்டும். அந்த வழக்கம் மட்டும் எப்படியோ அவரிடம் தப்பியிருந்தது. அத்தை புடவையைச் சரிசெய்துகொண்டு குனிவதற்குள் நான் தொட்டிலுக்குள் தலையை விட்டு, "வர்ஷா! வர்ஷா! வர்ஷா!" என்று கத்தினேன். மெதுவாகச் சொல்ல வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. குழந்தை வீறிட்டது. 

அம்மா கையை ஓங்கினாள். பெரியப்பா தடுத்தார்.

"விடும்மா, அக்கா வச்சிட்டா. அப்பா வச்ச பேரே வேணாம்னவன் நான். இவளை எந்த வாயால கேக்கறது?" என்று சிரித்தார்.

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு ரெண்டு கிண்ணம் கேசரி கிடைத்தது. அன்று என்னைவிடச் சந்தோஷமான ஆள் மெட்ராஸில் இல்லை.

இப்போது அடையாற்றில் இருக்கும் வர்ஷா தன் மகளுக்கு யாழினி என்று பேர் வைத்திருக்கிறாள். அந்தக் குழந்தையின் வகுப்பில் மூன்று யாழினி, இரண்டு ஆதிரை. "எம்பேருதான்க்கா இப்ப பழசு, எல்லாம் உன்னாலதான்" என்று என்னை வம்புக்கு இழுக்கிறாள்.

பெரியப்பா கடைசிவரை அவளைப் 'பாப்பா' என்றே கூப்பிட்டார். பத்திரிகை கொடுக்கப் போன வீடுகளில்கூட "எங்க பாப்பாவுக்குத் திருமணம்" என்றுதான் சொன்னார். என்ன செல்லம் பாரேன் என்று நான் பூரித்துக்கொண்டிருந்தேன். நான் வைத்த பேரை அத்தனை வருஷத்தில் அவர் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை என்பது எனக்கு உறைக்கவே இல்லை.